கேமரா பெட்டி ‘நீங்கள் யார்?’ என்று கேட்டால்



கடை, வீடு, கல்யாண மண்டபம் என்று எங்கும் கேமரா வந்துவிட்ட பிறகு நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. “டிவிஆர் அட்மின் பாஸ்வேர்டு மறந்துபோச்சு. நாலஞ்சு தடவை போட்டுப் பார்த்தோம். இப்போ லாக் ஆயிடுச்சு. என்ன செய்யறது?” பதில் எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் இருந்தோம். கரூர் பக்கமிருந்து ஒரு பெயிண்ட் கடைக்காரர் போன மாதம் போனில் பேசிய பிறகு, இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை இரவு பதினொன்றே முக்கால் வாக்கில் அவர் கடை வாசலில் நின்ற வாடிக்கையாளர் ஒருவரின் பைக் காணாமல் போயிருக்கிறது. திங்கட்கிழமை காவல் நிலையத்திலிருந்து ஃபுட்டேஜ் கேட்டார்கள். பெட்டியில் மவுசைத் தட்டினால் நான்கு கேமராவும் நன்றாகத் தெரிகின்றன. பழைய பதிவைப் பார்க்கப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. கடைக்காரர் ஒன்று போட்டார், மகன் ஒன்று போட்டார், கணக்குப் பிள்ளை தன் கம்ப்யூட்டரிலிருந்து வேறொன்று போட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம்மைக் கூப்பிட்டபோது, கம்ப்யூட்டர் திரையில் கணக்கு பூட்டப்பட்டதாகச் செய்தி நின்றது. கேமரா மாட்டித் தந்த பையன் மஸ்கட் போய் ஒரு வருடம் ஆகிறது.

நம் இதழுக்கு இந்த விஷயங்களில் கைகொடுக்கும் சர்வீஸ் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இணைப்பைக் கொடுத்தோம். அவர் பாஸ்வேர்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஹார்டு டிஸ்க் எத்தனை டிபி? எத்தனை கேமரா?” என்றுதான் கேட்டார். ஒரு டிபி, நான்கு கேமரா.

அவர் கேட்டதன் பொருள் இதுதான். பெட்டி நிறைந்ததும், மிகப் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதத் தொடங்கும். 1080பி கேமரா ஒன்று விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு சுமார் 43 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 172 ஜிபி. ஒரு டிபி டிஸ்க்கில் ஆறு நாள்கூட நிற்காது. சனிக்கிழமை இரவுப் பதிவு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அழிந்துவிடும். எச்.265 முறையில் பாதி வேகத்தில் பதிவாகும் பெட்டியாக இருந்தால் இதைப்போல் இரண்டு மடங்கு நாள் நிற்கும். அந்தப் பெட்டி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை உள்ளே போகாமல் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் குறைந்த கணக்கையே நம்ப வேண்டும்.

ஆகவே அவசரமாக ஒரு பதிவு வேண்டியிருக்கும்போது முதல் வேலை அதைக் காப்பாற்றுவது. பாஸ்வேர்டு அப்புறம். பெட்டியை அணைத்துவிட்டால் எழுதுவது நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் பாஸ்வேர்டு மீட்கும் சில வழிகளில் பெட்டி நடுவில் அணையக் கூடாது. அதைப் பின்னால் சொல்கிறேன். நண்பர் சொன்ன உபாயம் இன்னும் எளிமையானது. கேமராக்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையை மட்டும் நிறுத்துங்கள். பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கேமராவிலிருந்து படம் வராததால் புதிதாகப் பதிவாக எதுவும் இருக்காது. படம் வரவில்லை என்று பெட்டி ‘கீ கீ’ என்று கத்தலாம், கத்தட்டும். கடைக்கு அந்த நேரம் கண் இல்லை என்பதால் ஆள் இருக்கும் பகல் வேளையில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தாலே இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கிடைக்கும்.

அடுத்து அவர் கேட்டது, “வீட்டில் யார் போனிலாவது கேமரா ஆப் இன்னும் திறக்கிறதா?” கடைக்காரரின் மனைவி போனில் திறந்தது! அதில் ஒரு நாளும் பழைய பதிவைப் பார்த்ததில்லையாம். வீட்டுப் பையன் பள்ளி விட்டு வந்துவிட்டானா என்று பார்ப்பதற்கு மட்டும் வைத்திருந்தார். அதே ஆப்பில் ‘பிளேபேக்’ பகுதிக்குள் போய்ச் சனிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்ததும் பதிவு ஓடியது. பல பெட்டிகளில் ஆப் வழியாகப் பார்ப்பதற்கும் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. முன்பே இணைத்துவிட்ட போன் தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும். இங்கே நான் அடித்துச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அப்படித் திறக்கும் போனில் லாக் அவுட் செய்யாதீர்கள், ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். உங்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே வாசல் அதுவாக இருக்கலாம்.

அவர்கள் பதினொன்றரை முதல் பன்னிரண்டு வரை உள்ள பகுதியை ஆப்பிலிருந்தே இறக்கிக்கொண்டார்கள். கூடவே ஒரு சின்ன வேலையும் செய்தார்கள். பெட்டியின் கடிகாரமும் போனின் கடிகாரமும் ஒரே நேரத்தில் என்ன காட்டுகின்றன என்று பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டார்கள். பெட்டி ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது. இந்த வித்தியாசத்தைத் திருத்தக் கூடாது, குறிக்க மட்டும் வேண்டும். படத்தில் பதிந்திருக்கும் நேரத்தை அப்படியே விட்டால்தான் விசாரிப்பவருக்குக் கணக்கு புரியும். போனில் இறக்கிய பிரதி காவலர்கள் உடனே தேடத் தொடங்குவதற்கு உதவும். வழக்கு என்று வந்தால் பெட்டியிலிருந்தே எடுத்த மூலக் கோப்பு வேண்டியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு அதற்கு ஒரு சான்றிதழும் கேட்கிறது. ஆகவே பெட்டிக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

இனி பாஸ்வேர்டுக்கு வருவோம்.

கடைக்காரர் “எங்கிட்ட இருக்கிற எல்லா பாஸ்வேர்டும் போட்டுட்டேன்” என்றார். அதில்தான் முதல் குழப்பம். இந்தக் கருவியைச் சுற்றி மூன்று தனித்தனி ரகசியங்கள் இருக்கின்றன. வாசல் சாவி, பீரோ சாவி, வண்டிச் சாவி மூன்றும் ஒரே வளையத்தில் கிடப்பது மாதிரி. ஒன்று, போனில் இருக்கும் ஆப் கணக்கின் பாஸ்வேர்டு. அது போன் நம்பரோடோ மெயிலோடோ சேர்ந்தது. இரண்டு, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சீரியல் நம்பருக்குப் பக்கத்தில் இருக்கும் சரிபார்ப்புக் குறியீடு. ஹைக்விஷன் பெட்டிகள் பலவற்றில் இது ஆறு பெரிய ஆங்கில எழுத்தாக இருக்கும். ஆப்பில் பெட்டியைச் சேர்க்கவும் படத்தைத் திறக்கவும் அது பயன்படும். மூன்றாவதுதான் பெட்டியின் `admin` பாஸ்வேர்டு. முதல் இரண்டை எத்தனை தடவை போட்டாலும் மூன்றாவது பூட்டு திறக்காது. லாக் ஆவதுதான் மிச்சம்.

அடுத்தது, லாக் ஆனதும் மறந்ததும் ஒன்றல்ல. லாக் என்பது தற்காலிகம், தானாகவே விலகிவிடும். ஹைக்விஷன் கருவிகளில் நெட்வொர்க் வழியாக வரும்போது அட்மின் கணக்கில் ஏழு தடவை தவறினால் அரை மணி நேரப் பூட்டு விழும். அதே நிறுவனத்தின் பதிவுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மவுசால் ஏழு தடவை தவறினால் பூட்டு அறுபது விநாடிதான். டாஹுவா போன்ற மற்ற நிறுவனங்களில் எண்ணிக்கையும் நேரமும் வேறு. ஐந்து தடவை, அரை மணி என்பது பரவலாகக் காணும் கணக்கு. சில கருவிகள் முயற்சி வந்த கம்ப்யூட்டரின் முகவரியை மட்டும் பூட்டும். சில, அந்தக் கணக்கையே பூட்டிவிடும். கணக்குப் பிள்ளையின் கம்ப்யூட்டரில் பூட்டு விழுந்ததைப் பார்த்துப் பெட்டியே பூட்டிக்கொண்டதாக நம் கடைக்காரர் பயந்துவிட்டார். பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்து பார்த்தபோது அங்கே பூட்டு எதுவும் இல்லை; பாஸ்வேர்டு தவறு என்று மட்டும்தான் சொன்னது.

சிலருக்கு வேறு விதமாக நடக்கும். அரை மணி காத்திருந்து வந்தால் ஒரு தடவைகூடப் போடாமலே மறுபடி பூட்டு விழுந்திருக்கும். யாரோ நமக்குப் பதிலாகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அது நம் வீட்டு ஆசாமிதான். பாஸ்வேர்டை எப்போதோ மாற்றியிருப்போம். அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கும் கேமரா மென்பொருளோ பழைய போன் ஒன்றோ முந்தைய பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் தானாகவே அதைப் போட்டுப் பார்க்கும். ஏழு தடவை முடிய எவ்வளவு நேரம் ஆகும்? ரௌட்டரில் போர்ட் திறந்துவிட்டிருந்தால் உலகத்தின் ஏதோ மூலையிலிருந்து ஒரு நிரலும் இதே வேலையைச் செய்யலாம்.

கண்டுபிடிக்க ஒரு வழிதான். பெட்டியின் பின்னாலிருக்கும் லேன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அரை மணிக்கு மேலேயே, நாற்பது நிமிடம் விடுங்கள். யாரும் மவுசைத் தொட வேண்டாம். பிறகு பெட்டியின் முன் உட்கார்ந்து, இதுதான் என்று நீங்கள் உறுதியாக நம்பும் பாஸ்வேர்டை ஒரே ஒரு தடவை போடுங்கள். திறந்தால் நீங்கள் எதையும் மறக்கவில்லை. கேபிளைத் திரும்பச் செருகுவதற்கு முன் பெட்டியின் பதிவேட்டில் (`Log` என்று இருக்கும்) எந்த முகவரியிலிருந்து தவறான முயற்சிகள் வந்தன என்று பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் அது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கருவி. வேறு எண்ணாக இருந்தால் வெளியாளாக இருக்கலாம். ரௌட்டரில் திறந்துவைத்த போர்ட்டை மூடிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

‘உறுதியாக நம்பும் பாஸ்வேர்டு’ என்று சொன்னேன். அதிலும் ஒன்றிரண்டு நுணுக்கம் உண்டு. பாஸ்வேர்டை முதலில் எங்கே அடித்தீர்கள் என்று யோசியுங்கள். போனில் அடித்திருந்தால், சில போன்கள் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கியிருக்கும். சில, கடைசியில் ஓர் இடைவெளியைச் சேர்த்திருக்கும். `kadai@2021` என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் `Kadai@2021` ஆக இருக்கலாம். பெட்டியின் திரைக் கீபோர்டில் மவுசால் அடித்திருந்தால் எண், எழுத்து, குறி என்று பலகை மாறும்போது விரல் பிசகியிருக்கலாம். அடிப்பதைக் காட்டும் கண் படம் இருந்தால் அதைத் தட்டி, திரையில் எழுத்துகளைக் கண்ணால் பார்த்து ஒப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். ஊகங்களைத் தாளில் எழுதி, போட்டதை அடித்துக்கொண்டே போனால் ஒன்றையே மூன்று பேர் மூன்று தடவை போட்டுப் பூட்டு வாங்க மாட்டீர்கள்.

இவ்வளவுக்கும் திறக்கவில்லை என்றால் உண்மையிலேயே மறந்துவிட்டது. கடைக்காரருக்கு அதுதான் நிலைமை. பொங்கல் சமயத்தில் மகன் மாற்றியிருக்கிறார். எங்கும் எழுதி வைக்கவில்லை.

இப்போது உள்நுழையும் திரையில் பாஸ்வேர்டு அடிக்கும் கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் `Forgot Password` என்று இருப்பதைத் தட்ட வேண்டும். பூட்டைச் சுற்றி வளைக்கும் குறுக்கு வழி என்று நினைத்துப் பலர் அதைத் தொடவே மாட்டார்கள். நிறுவனமே வைத்திருக்கும் நேர் வழி அதுதான். பெட்டியை முதல் முதலாக இயக்கிய நாளில் என்னென்ன அமைத்தார்களோ அவை அங்கே வரிசையாக நிற்கும். பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருந்தால் அவற்றைச் சொல்லி உள்ளே போகலாம். ஹைக்விஷன் பெட்டிகளில் `GUID` கோப்பு என்று ஒன்று உண்டு. முதல் நாள் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தால் அதே பென் டிரைவைச் செருகி அந்தக் கோப்பைக் காட்டினால் போதும், புதிய பாஸ்வேர்டு கேட்கும். இங்கேயும் கண்ட கோப்பையெல்லாம் கொடுத்துப் பார்க்கக் கூடாது. ஏழு தடவை தவறினால் அரை மணி நேரம் அந்த வழியும் மூடிக்கொள்ளும். மூன்றாவது வழி மெயில். திரையில் ஒரு க்யூஆர் கோடு வரும். அதை அந்த நிறுவனத்தின் ஆப்பால் படம் பிடித்தால், முன்பே பதிந்து வைத்த மெயிலுக்கு ஒரு குறியீடு போகும். அதைத் திரையில் அடித்ததும் புதிய பாஸ்வேர்டு வைக்கலாம். டாஹுவா பெட்டிகளில் ஒரே க்யூஆர் கோடை வைத்து இரண்டு தடவைதான் குறியீடு பெற முடியும். பிறகு பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும். வந்த குறியீட்டுக்கு ஆயுள் 24 மணி நேரம்.

கடைக்காரர் பெட்டியில் கேள்வி பதில் இல்லை, பென் டிரைவ் கோப்பும் இல்லை. மெயில் மட்டும் இருந்தது. பாதி எழுத்தை மறைத்து அதைத் திரை காட்டியதும் மகன் சொன்னார், “இது நம்ம மெயில் இல்லையே.” மஸ்கட் போன பையனின் மெயில் அது.

நம் ஊரில் நடக்கும் பெரும்பாலான சங்கடங்களின் வேர் இங்கேதான் இருக்கிறது. கேமரா மாட்ட வருபவர் சாயங்காலத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். நாலு இடத்தில் துளை போட்டு, ஒயர் இழுத்து, பெட்டியை இயக்கும்போது அது மெயில் கேட்கும். கடைக்காரர் வியாபாரத்தில் இருப்பார். “உங்க மெயில் ஐடி சொல்லுங்க” என்று கேட்டு அவர் தேடி எடுத்துச் சொல்வதற்குள் இவர் தன் மெயிலைப் போட்டுவிடுவார். ஆப் கணக்கும் அப்படியே. பெட்டியை முதலில் சேர்த்த கணக்குதான் உரிமையாளர் கணக்கு. மற்றவர்களுக்கு அது பகிர்ந்துதான் தர முடியும். பணம் கொடுத்தவர் ஒருவர், பெட்டியின் கண்ணில் எஜமான் இன்னொருவர். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே இது நடந்துவிடுகிறது.

நல்லவேளையாக அந்தப் பையனின் வாட்ஸ்அப் எண் கிடைத்தது. மகன் திரையின் க்யூஆர் கோடைப் பிடித்துக் கோரிக்கை அனுப்ப, குறியீடு மஸ்கட்டில் அவருடைய மெயிலில் வந்து விழுந்தது. அவர் அதை வாசித்துச் சொன்னார், இவர்கள் அடித்தார்கள். புதன்கிழமை காலை பெட்டி திறந்தது. மூலக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு, அதே கையோடு மெயிலைக் கடைக்காரருடையதாக மாற்றினார்கள்.

அந்தப் பையன் கிடைக்காமல் போயிருந்தால்? அதற்கும் முறையான வழி உண்டு. பெட்டியோடு ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கம்ப்யூட்டரில் நிறுவனம் தரும் தேடும் மென்பொருளை நிறுவ வேண்டும். ஹைக்விஷனில் அதன் பெயர் `SADP`. பட்டியலில் உங்கள் பெட்டியைத் தேர்ந்தெடுத்து `Forgot Password` தட்டினால் ஒரு கோப்போ க்யூஆர் கோடோ தரும். அதையும் பெட்டியின் ஸ்டிக்கர் படத்தையும் வாங்கிய ரசீதையும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்ப வேண்டும். சரிபார்த்துவிட்டு அவர்கள் பதில் கோப்பு ஒன்று அனுப்புவார்கள். அதை அதே மென்பொருளில் ஏற்றினால் புதிய பாஸ்வேர்டு வைக்கலாம். கோரிக்கைக் கோப்பை எடுத்த பிறகு பதில் வரும்வரை பெட்டியை அணைக்கவோ மறுபடி இயக்கவோ கூடாது. அணைத்தால் பழைய கோரிக்கைக்கு வந்த பதில் செல்லாமல் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். முன்னால் பவர் சப்ளையைப் பற்றிச் சொன்னதன் காரணம் இதுதான். மின்தடை வரும் ஊர் என்றால் பெட்டியை யூபிஎஸ்ஸில் வைத்துவிட்டே இதைத் தொடங்குங்கள். பதில் கோப்புக்கும் கெடு உண்டு, பொதுவாக இரண்டு நாள்; வெள்ளிக்கிழமை வாங்கிவைத்துத் திங்கட்கிழமை போடலாம் என்று இருந்துவிடாதீர்கள். சேவை மையத்தின் எண்ணை நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்தோ ரசீதிலிருந்தோ மட்டும் எடுங்கள்.

இனி, போகக் கூடாத வழிகள். “பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கிற ரூபாய் நாணயம் மாதிரி பேட்டரியைக் கழற்றி மாட்டு, பாஸ்வேர்டு போயிடும்” என்று பலரும் சொல்வார்கள். இன்றைய பெட்டிகளில் அந்த சிஆர்2032 பேட்டரி கடிகாரத்தை ஓட்டுவதற்கு மட்டும்தான். பாஸ்வேர்டு இருப்பது ஃபிளாஷ் நினைவகத்தில்; மின்சாரம் போனாலும் அது அழியாது. பேட்டரியைக் கழற்றினால் தேதி பின்னோக்கி ஓடிவிடும். அதன் பிறகு பதிவாகும் எல்லாவற்றிலும் தப்பான தேதி விழும். பாஸ்வேர்டும் கிடைக்காது, ஃபுட்டேஜின் நம்பகமும் போய்விடும்.

சில மாடல்களின் மதர்போர்டில் ரீசெட் பொத்தான் உண்மையிலேயே இருக்கிறது. அதை அழுத்தினால் பாஸ்வேர்டு மட்டுமல்லாமல் பயனர்கள், நெட்வொர்க், எந்த நேரத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற அட்டவணை எல்லாம் தொழிற்சாலை நிலைக்குப் போகும். ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் பதிவுகள் அந்தப் பொத்தானால் அழிவதில்லை. ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது. பெட்டி புதியதுபோல் எழுந்து, ‘அடுத்து, அடுத்து’ என்று ஒரு வழிகாட்டியைக் காட்டும். அதில் ஒரு பக்கத்தில் ஹார்டு டிஸ்க் பெயரும் பக்கத்தில் `Initialize` என்ற பொத்தானும் இருக்கும். அவசரத்தில் அதைத் தட்டினால் டிஸ்க் துடைக்கப்பட்டுவிடும். பதிவு போன பல கதைகளில் அதைப் போக்கியது மறந்த பாஸ்வேர்டு அல்ல, இந்தப் பொத்தான்தான். பதிவு தேவைப்படும் நிலையில் மூடியைத் திறக்கும் வேலையே வேண்டாம். தேவையில்லை என்றாலும், வாரண்டி ஸ்டிக்கர் கிழியும் என்பதை நினைவில் வைத்து, சர்வீஸ் ஆள் கையில் விடுங்கள்.

கடைசியாக, எந்தப் பெட்டியையும் திறந்து தருகிறேன் என்று இணையத்தில் கிடைக்கும் மென்பொருள்கள், ‘மாஸ்டர் கோடு’ தருகிறேன் என்று பணம் கேட்பவர்கள். ஒரு காலத்தில் இது ஓரளவு நடந்தது. ஹைக்விஷனின் பழைய கருவிகளுக்கு `12345` என்பதே பாஸ்வேர்டு. 2015 வாக்கில்தான் முதல் நாளே சொந்தப் பாஸ்வேர்டு வைக்க வேண்டும் என்று ஆனது. 2016இல் மிராய் என்ற தீநிரல், இப்படிக் கம்பெனிப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகம் முழுக்கப் பிடித்துப் படை திரட்டியது. அந்த அக்டோபர் 21ஆம் தேதி டைன் என்ற நிறுவனத்தின் மீது அந்தப் படை பாய்ந்தபோது, அமெரிக்காவில் ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. உலகமெங்கும் கெடுபிடி கூடியது அதற்குப் பிறகுதான். 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில் எல்லோருக்கும் பொதுவான எளிய பாஸ்வேர்டோடு இத்தகைய கருவியை விற்பதே சட்டவிரோதம். ஆகவே இன்றைய பெட்டிக்கு மாஸ்டர் கோடு என்று ஒருவர் விற்றால் அவர் ஏமாற்றுகிறார். பழைய பெட்டி ஒன்று அந்த மென்பொருளால் உண்மையிலேயே திறந்துவிட்டால் மகிழ வேண்டாம். அதில் ஓட்டை இருக்கிறது, அதே மென்பொருளை வைத்திருக்கும் யாரும் உங்கள் வீட்டுக் கூடத்தைப் பார்க்கலாம் என்று பொருள். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டும். நிறுவனம் புதியதே வெளியிடவில்லை என்றால் பெட்டியை இணையத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். உதவி கேட்டு வாட்ஸ்அப் குழுக்களில் ஸ்டிக்கர் படம் போடுவதும் இதே ரகம். சீரியல் நம்பரும் சரிபார்ப்புக் குறியீடும் சேர்ந்து இருக்கும் படம் அது.

உள்ளே போன பிறகு ஒரு எச்சரிக்கை. பாஸ்வேர்டு மாறியதும் கணக்குப் பிள்ளையின் கம்ப்யூட்டர் மென்பொருளிலும் புதியதைப் பதிய வேண்டும். இல்லையென்றால் அது பழையதையே தட்டித் தட்டி மறுபடி பூட்டு வாங்கித் தரும். ஐபி கேமராக்கள் உள்ள என்விஆர் என்றால் கேமராக்களுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு உண்டு. பெட்டியில் மாற்றிய பிறகு ஏதாவது கேமரா இருண்டால் அது பழுதல்ல. அந்தக் கேமராவின் பாஸ்வேர்டும் பெட்டி வைத்திருப்பதும் ஒத்துப்போகவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டி இன்று திறக்கிறது என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை அதன் முன் கால் மணி நேரம் உட்காருங்கள். மீட்பு மெயில் யாருடையது என்று பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால் மாற்றுங்கள். ஆப்பில் உரிமையாளர் கணக்கு மாட்டியவர் பெயரில் இருந்தால், அவரிடம் சொல்லி விடுவித்துக்கொண்டு உங்கள் பெயரில் சேர்த்துக்கொள்ளுங்கள். மீட்புக் கோப்பு எடுக்கும் வசதி இருந்தால் ஒரு பென் டிரைவில் எடுத்து, பாஸ்வேர்டை எழுதிய தாளோடும் ரசீதோடும் உறையில் போட்டு வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பாஸ்வேர்டை மாற்றும் ஒவ்வொரு தடவையும் கோப்பைப் புதிதாக எடுங்கள். கணக்குப் பிள்ளைக்கும் காவலாளிக்கும் பார்க்க மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்கு போட்டுக் கொடுங்கள். அட்மின் இரண்டு பேரிடம் இருந்தால் போதும். புதிதாகக் கேமரா மாட்டப்போகிறவர்கள் வேலை முடிந்து பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், மீட்பு மெயில் உங்கள் போனில் வருகிறதா என்று ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்